மக்கானா: எதை வாங்குவது, எப்படி வறுப்பது, எந்த ஜாடியில் வைப்பது

மக்கானா வறுத்து வைப்பவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான். வறுத்த அன்றைக்கு மொறுமொறுவென்று இருந்தது, நாலைந்து நாளில் நமத்துவிட்டது. உடனே பழி டப்பாவின் மேல் விழும். டப்பாவும் காரணமாக இருக்கலாம். ஆனால் அதற்கு முன்னாலேயே இரண்டு இடங்களில் காரியம் கெட்டிருக்க வாய்ப்பு உண்டு: வறுக்கும்போது உருண்டையின் நடுப்பகுதி காயாமல் விட்டிருக்கலாம், அல்லது உப்பும் நெய்யும் சேர்த்துவிட்டு நாள்கணக்கில் வைத்திருக்கலாம். வாங்குவது, வறுப்பது, மூடி வைப்பது ஆகிய மூன்றுக்கும் பல வழிகள் இருக்கின்றன. எந்த வழி யாருக்குப் பொருந்தும் என்பதை, அந்தச் சின்ன உருண்டைக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்ற ஒரே கணக்கை வைத்துப் பார்த்தால் முடிவெடுப்பது எளிது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மக்கானா, அதாவது கடையில் ‘தாமரை விதை’ என்று எழுதி விற்கப்படும் வெள்ளைப் பொரி, தாமரையில் விளைவதில்லை. அல்லிக் குடும்பத்தைச் சேர்ந்த, இலையெல்லாம் முள்ளாக இருக்கும் ஒரு நீர்ச்செடியின் விதை அது. தாவரவியலில் யூரியாலே ஃபெராக்ஸ் என்பார்கள். இந்தியாவில் இது பெரும்பாலும் பீகாரின் மிதிலைப் பகுதியில், தர்பங்கா, மதுபனி போன்ற மாவட்டங்களின் குளங்களில் விளைகிறது. உண்மையான தாமரை விதையும் கடையில் கிடைக்கும். தந்த நிறத்தில், கடினமாக, இரண்டாகப் பிளந்தும் முழுதாகவும் இருக்கும். அதை ஊறவைத்து வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும். வாணலியில் போட்டு எவ்வளவு வறுத்தாலும் மக்கானா மாதிரி உப்பி வராது. வறுத்துக் கொறிக்க வேண்டும் என்றால் கேட்டு வாங்க வேண்டியது மக்கானாவைத்தான்.

பச்சை விதையா, பொரித்ததா, மசாலா போட்டதா

பொரிக்காத கறுப்பு விதையை வாங்கி வீட்டிலேயே பொரிக்க முடியுமா என்று சிலர் கேட்கிறார்கள். மிதிலையில் அதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தால் பதில் கிடைத்துவிடும். குளத்தின் அடிச் சேற்றிலிருந்து அள்ளிய விதைகளைக் கழுவி, வெயிலில் உலர்த்தி, வெவ்வேறு கண் அளவுள்ள சல்லடைகளில் சலித்து, அளவுவாரியாகப் பிரிக்கிறார்கள். ஒரே அளவு விதைகளை 250 முதல் 300 டிகிரி வரை காய்ந்த சட்டியில் ஐந்தாறு நிமிடம் கிளறிக்கொண்டே வறுக்கிறார்கள். அப்புறம் உடனே பொரிப்பதில்லை. இரண்டு மூன்று நாள் அப்படியே ஆறவிடுகிறார்கள். அந்த இடைவெளியில்தான் விதைக்குள் இருக்கும் ஈரம் எல்லா இடத்துக்கும் சமமாகப் பரவி, பருப்பு ஓட்டை விட்டு இளகுகிறது. அதன் பிறகு இன்னும் அதிகச் சூட்டில், 300 டிகிரியை ஒட்டியும் தாண்டியும், இரண்டு நிமிடம் போல வறுத்து, கொதிக்கக் கொதிக்கக் கையளவு எடுத்துப் பலகையில் வைத்து மரச் சுத்தியால் ஒரே அடி. ஓடு உடைந்ததும் உள்ளே அடைபட்டிருந்த நீர் சட்டென்று ஆவியாகிப் பருப்பைப் பல மடங்கு உப்ப வைக்கிறது.

மக்காச்சோளம் தன் தோலைத் தானே வெடித்துக்கொள்ளும். மக்கானாவின் ஓடு அவ்வளவு எளிதில் வெடிக்காது, ஆள் அடித்துத்தான் உடைக்க வேண்டும். சில நொடி தாமதித்தால் சூடு இறங்கி, பாதி உப்பிய கெட்டி உருண்டைதான் கிடைக்கும். வீட்டு அடுப்பில் அந்தச் சூட்டைச் சீராக வைத்திருப்பதும் கடினம், தெறிக்கும் ஓட்டுச் சில்லு கண்ணில் படவும் கூடும். ஒருமுறை செய்து பார்க்கும் ஆசை இருந்தால் அது வேறு. சாப்பிடுவதற்கு என்றால் பொரித்ததை வாங்குவதுதான் சரி. நாம் வீட்டில் ‘வறுப்பது’ என்று சொல்வது, ஏற்கெனவே பொரிந்து வந்ததை மறுபடி காய வைப்பது மட்டுமே.

இன்னொரு பக்கம், நெய், மசாலா எல்லாம் சேர்த்து வறுத்தே வரும் பாக்கெட். பிரிக்கும் வரை அது நன்றாகவே இருக்கும், ஏனென்றால் உள்ளே அலுமினியப் பூச்சுள்ள உறையில் ஈரம் புகாமல் அடைத்திருப்பார்கள். பிரித்த பிறகு அது ஜாடியில் வைக்கும் பொருள் இல்லை. உப்பும் எண்ணெயும் ஏறிய பண்டம் என்பதால் ஓரிரு நாளில் முடித்துவிட வேண்டும். பயணத்துக்கும் ஒரு வேளைக்கும் அது போதும். மாதம் முழுக்க வீட்டில் வைத்துச் சாப்பிடுபவர்களுக்கு வறுக்காத, உப்பில்லாத, வெறும் மக்கானாதான் வசதி. இனி சொல்வதெல்லாம் அதைப் பற்றியே.

வாங்கும்போது எதைப் பார்ப்பது

கடையில் ஒன்றை வாயில் போட்டு ‘மொறுமொறுப்பாக இல்லையே’ என்று ஒதுக்குவது வீண். வறுக்காத மக்கானா எப்போதுமே கொஞ்சம் சவசவவென்றுதான் இருக்கும். வழியிலும் கடையிலும் காற்றின் ஈரத்தை அது குடித்திருக்கும், அந்த ஈரத்தை வாணலி எடுத்துவிடும். வாணலியால் சரிசெய்ய முடியாத குறைகள் மூன்று உண்டு. பொரியாத கெட்டி விதை, பூச்சி, பழைய வாடை. வாங்கும்போது கவனமெல்லாம் இவற்றின் மேல் இருக்கட்டும்.

நன்றாகப் பொரிந்த மக்கானா வெள்ளையாக, கொஞ்சம் முண்டும் முடிச்சுமாக இருக்கும். ஒரு பக்கம் செம்பழுப்புத் தீற்றலோ புள்ளியோ இருந்தால் பயப்பட வேண்டாம், பருப்பின் மேல் தோல் ஒட்டிக்கொண்டு நின்ற இடம் அது. சரியாக உப்பாதது அளவில் சிறுத்து, செந்நிறம் அதிகமாக, விரலால் அழுத்தினால் கல் மாதிரி நிற்கும். அதை எவ்வளவு வறுத்தாலும் கடிபடாது. அதைவிட மோசம், உருண்டையின் மடிப்புக்குள் சிக்கிக்கொண்டிருக்கும் கறுப்பு ஓட்டுச் சில்லு. நம்பிக் கடித்தால் பல் போகும். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் கொடுப்பதாக இருந்தால் வறுப்பதற்கு முன் ஒரு முறை தட்டில் பரப்பிப் பார்த்துப் பொறுக்கி எடுப்பதை விட்டுவிடவே கூடாது.

எடை ஒரு நல்ல சாட்சி. நன்றாக உப்பியது காற்று மாதிரி இருக்கும். 100 கிராம் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் இடத்தை அடைக்கும். ஒரே எடையுள்ள இரண்டு பாக்கெட்டுகளில் எது பெரிதாகப் புடைத்து நிற்கிறதோ அதில் பொரி அதிகம், கெட்டி குறைவு. இரண்டிலும் அடைத்த காற்று ஒரே அளவா என்று மட்டும் பாக்கெட்டைக் கையால் அமுக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூச்சி இருக்கிறதா என்பதை உருண்டையைப் பார்த்துச் சொல்வதைவிடப் பாக்கெட்டின் அடியைப் பார்த்துச் சொல்லலாம். பாக்கெட்டைக் கவிழ்த்து மூலையில் ஒரு தட்டு தட்டினால், கரடுமுரடான வெள்ளைத் தூள் விழுவது சாதாரணம். உருண்டைகள் உரசியதில் வருவது அது. மாவு போல மிக நைசான பழுப்புத் தூள் விழுந்தால், அல்லது இரண்டு மூன்று உருண்டைகள் மெல்லிய நூலால் ஒட்டிக்கொண்டிருந்தால், வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் பத்து உருண்டைகளை எடுத்துக் கத்தியால் பாதியாக வெட்டிப் பாருங்கள். உள்ளே முழுக்க வெள்ளையாக, பஞ்சு போன்ற கண்களோடு இருக்க வேண்டும். நடுவில் சுரங்கம் போல ஒரு வழியோ கறுப்புப் பொட்டோ ஒன்றில் தெரிந்தால் அந்தப் பாக்கெட் முழுவதையும் அப்படி வெட்டித்தான் பயன்படுத்த வேண்டும். மூன்று நான்கில் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். வறுத்தால் பூச்சி சாகும் என்பது உண்மைதான், ஆனால் செத்த பூச்சியும் அதன் எச்சமும் உள்ளேயேதான் இருக்கும்.

சில்லறையாக அள்ளி விற்பதா, பாக்கெட்டா? அள்ளி விற்கும் இடத்தில் தொட்டு, முகர்ந்து, ஒன்றை உடைத்துப் பார்க்க முடிகிறது. அது பெரிய வசதி. ஆனால் சாக்கு திறந்தே கிடப்பதால் பூச்சிக்கும் அக்கம்பக்கத்து மசாலா வாடைக்கும் வழி உண்டு, ஈரத்தின் எடைக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோம். சரக்கு வேகமாக ஓடும் கடை என்றால் அங்கே வாங்கலாம். மற்றபடி ஒரு பக்கமாவது கண்ணாடித் தாளாக இருந்து உள்ளே தெரிகிற பாக்கெட்டே மேல். 2022-இல் ‘மிதிலா மக்கானா’வுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பாக்கெட்டில் அதைப் பார்த்தால் எந்தப் பகுதியில் விளைந்தது என்று தெரிந்துகொள்ளலாம். பூச்சி இல்லை, நன்றாகப் பொரிந்திருக்கிறது என்பதற்கெல்லாம் அது உத்தரவாதம் கிடையாது.

அளவைப் பொறுத்தவரை, வியாபாரத்தில் ‘சூத்’ என்ற கணக்கில் தரம் பிரிக்கிறார்கள். ஒரு சூத் என்பது அரைக்கால் அங்குலம், அதாவது மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேல். நாலு சூத் என்றால் அரை அங்குலம், ஆறு சூத் என்றால் முக்கால் அங்குலம். பெரியது விலை கூடும், கண்ணுக்கும் அழகு. ஆனால் மொறுமொறுப்பில் பெரியது சிறந்தது என்று சொல்ல முடியாது. உருண்டை பெரிதாக ஆக நடுப்பகுதி காய நேரம் கூடுகிறது, அதற்குள் மேற்புறம் சிவந்துவிடுகிறது. வறுத்து வைப்பதற்கு நடுத்தர அளவே என் தேர்வு. எந்த அளவாக இருந்தாலும் எல்லாம் ஒரே அளவாக இருப்பது முக்கியம். பெரிதும் சிறிதும் கலந்த பாக்கெட்டில் சிறியது கருகும்போது பெரியது இன்னும் பாதி ஈரத்தில் இருக்கும். குழம்பிலோ பாயசத்திலோ போட என்றால் உடைந்ததும் சிறியதுமே போதும், பெரியதற்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

வறுக்கும் வழிகள்

மக்கானா மொறுமொறுப்பாக இருக்க, அதன் எடையில் நூற்றுக்கு மூன்று நான்கு பங்குக்கு மேல் தண்ணீர் இல்லாமல் இருந்தால் நல்லது. ஆறேழைத் தொட்டால் கடிக்கும்போது முறியாமல் அமுங்கும். கடையிலிருந்து வருவதில் பத்துப் பங்கு வரை கூட இருக்கும். அப்படிப் பத்துப் பங்கு ஈரமுள்ள 250 கிராம் பாக்கெட் ஒன்றை மூன்று பங்கு வரை காய வைத்தால் எடை 232 கிராமாகக் குறைய வேண்டும். வீட்டில் சமையல் தராசு இருந்தால் வறுப்பதற்கு முன்னும் பின்னும் நிறுத்துப் பாருங்கள். எடை நூற்றுக்கு ஆறேழு பங்கு இறங்கியிருந்தால் நல்லது. இரண்டு மூன்றுதான் இறங்கியது என்றால், வாங்கும்போதே நன்றாகக் காய்ந்த சரக்காக இருந்தாலொழிய, மேலே நிறம் மாறியிருக்கிறதே தவிர உள்ளே காயவில்லை என்று அர்த்தம்.

தராசு இல்லாதவர்களுக்கு விரலே போதும். ஒரு உருண்டையை எடுத்துத் தட்டில் ஒரு நிமிடம் ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது சோதிக்கக் கூடாது, நன்றாகக் காய்ந்ததும் கூடச் சூட்டில் கொஞ்சம் இளகித்தான் இருக்கும். ஆறியதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் ‘படக்’ என்று முறிந்து நொறுங்க வேண்டும். தட்டையாக அமுங்கி, விட்டதும் மெல்ல எழும்பினால் இன்னும் நேரம் வேண்டும். அப்புறம் ஒன்றைக் கடித்துப் பாருங்கள். முதல் கடி மொறுமொறுப்பாக இருந்து, மெல்ல மெல்லக் கடைவாய்ப் பல்லில் பசை போல ஒட்டினால் நடுப்பகுதியில் ஈரம் மிச்சமிருக்கிறது. இப்படி வெளியே காய்ந்து உள்ளே ஈரமாக இருப்பதை ஜாடியில் போட்டால், மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் நடுவில் இருக்கும் ஈரம் வெளிப்பக்கம் பரவி, மறுநாளே எல்லாம் ஒரே சீராக நமத்திருக்கும். ‘ஒரே ராத்திரியில் போய்விட்டது’ என்று சொல்லப்படும் கதைகளில் பாதிக்கு மேல் இதுதான் காரணம் என்பேன்.

அடிகனமான வாணலியில் எதுவும் சேர்க்காமல் வறுப்பதுதான் பலருக்கும் பழகிய வழி, நல்ல வழியும் கூட. 50 கிராமுக்கு மேல் ஒரு ஈட்டில் போட வேண்டாம். அதுவே முக்கால் லிட்டர் இடம் பிடிக்கும், அதற்கு மேல் போட்டால் அடியில் இருப்பது மட்டும் காயும். சிறுதீயில் பத்திலிருந்து பன்னிரண்டு நிமிடம், கை ஓயாமல் கிளற வேண்டும். தீயைக் கூட்டி நாலு நிமிடத்தில் முடிக்கலாம் என்று தோன்றும். மேலே பொன்னிறம் வந்துவிடும், நடு காய்ந்திருக்காது. நிறத்தை நம்பவே வேண்டாம், நன்றாகக் காய்ந்த மக்கானா பெரும்பாலும் வெள்ளையாகவே இருக்கும், முனைகள் மட்டும் லேசாகப் பொன்னிறம் காட்டும்.

நெய் விட்டு வறுப்பதில் மணமும் ருசியும் கூடுகிறது, அதை மறுக்க முடியாது. எப்போது விடுகிறோம் என்பதுதான் கேள்வி. வாணலி காய்ந்ததும் நெய்யை ஊற்றி அதில் மக்கானாவைக் கொட்டினால், முதலில் விழுந்த பத்து உருண்டைகள் எல்லா நெய்யையும் உறிஞ்சிவிடும், மேற்புறம் சீக்கிரம் சிவந்துவிடும், காயாமலே இறக்கிவிடுவோம். வெறும் வாணலியில் முழுக்கக் காய வைத்து, கடைசி இரண்டு நிமிடத்தில் 50 கிராமுக்கு ஒரு தேக்கரண்டி நெய்யைச் சுற்றிலும் சொட்டுச் சொட்டாக விட்டுக் கிளறினால் இரண்டும் கிடைக்கும். ஆனால் நெய் பட்ட மக்கானாவுக்கு ஆயுள் குறைவு. மக்கானாவில் இயல்பாகவே கொழுப்பு மிகச் சொற்பம், அதனால் வெறுமனே வறுத்ததில் காறல் வாடை வர வழியில்லை. நெய்யோ எண்ணெயோ சேர்த்ததும், பஞ்சு போன்ற அந்த உடம்பு முழுக்க அது மெல்லிய படலமாகப் பரவி, காற்று படும் பரப்பு பெரிதாகிவிடுகிறது. பாட்டிலில் மாதக்கணக்கில் நன்றாக இருக்கும் நெய், மக்கானாவின் மேல் இரண்டு வாரத்தில் வாடை மாறத் தொடங்கலாம். நெய்ப் படலம் ஈரத்தைத் தடுக்கும் என்று நினைப்பதும் சரியில்லை. படலம் அங்கங்கே விட்டுப்போயிருக்கும், ஈரம் அந்த வழியே புகுந்துவிடும்.

ஓவன் இருந்தால் அதிக அளவுக்கு அதுவே வசதி. 150 டிகிரியில், தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி, 15 முதல் 20 நிமிடம், நடுவில் ஒரு முறை புரட்டினால் போதும். சூடு எல்லாப் பக்கமும் சீராகப் படுவதால் நடுப்பகுதி நன்றாகக் காய்கிறது. கிளறும் வேலையும் இல்லை. ஏர் ஃப்ரையரில் வேகம் கூடும், ஆனால் மக்கானா இறகு மாதிரி எடையில்லாதது என்பதால் காற்று வேகத்தில் மேலே பறந்து சூடேறும் கம்பியில் ஒட்டிக் கருகும். மேலே ஒரு கம்பி வலை வைத்து அமுக்கிக்கொள்ள முடிந்தால் மட்டும் அதைப் பயன்படுத்துங்கள், கூடையைப் பாதிக்கு மேல் நிரப்பவும் வேண்டாம்.

மைக்ரோவேவை நான் வறுக்கும் வழியாகப் பரிந்துரைக்க மாட்டேன். சூடு ஒரு சீராகப் படுவதில்லை. வெளியே வெள்ளையாகத் தெரியும் உருண்டை உள்ளே கருகிப்போயிருக்கலாம், உடைத்தால்தான் தெரியும். ஒரு கிண்ணம் நமத்துப்போனதை மீட்க, 30 நொடி ஓடவிட்டு எடுத்துக் குலுக்கி, தேவைப்பட்டால் இன்னொரு 30 நொடி என்று வைப்பதற்கு அது நன்றாக உதவும்.

எவ்வளவு வறுப்பது என்பதும் ஒரு முடிவுதான். 250 கிராம் பாக்கெட்டை ஒரே நாளில் வாணலியில் வறுத்தால் ஐந்து ஈடு, ஒரு மணி நேரம். ஐந்தாவது ஈடு முடிவதற்குள் முதல் ஈடு திறந்த தட்டில் ஆறி, காற்றின் ஈரத்தைத் திரும்பக் குடிக்க ஆரம்பித்திருக்கும். ஓவன் இல்லாதவர்கள் 100 கிராமை மட்டும் இரண்டு ஈடாக வறுத்து, மீதியைப் பாக்கெட்டின் வாயை மடித்துக் கிளிப் போட்டு, காற்று புகாத டப்பாவுக்குள் வறுக்காமலே வைத்துவிடலாம். ஓவன் இருந்தால் இரண்டு தட்டுகளில் முழுப் பாக்கெட்டும் ஒரே நேரத்தில் முடிந்துவிடும்.

உப்பு, மசாலா எப்போது

வறுத்த உடனே உப்பும் மிளகுத்தூளும் போட்டுக் குலுக்கி ஜாடியில் அடைப்பது வழக்கம். மொறுமொறுப்பு நாள்பட நிற்க வேண்டும் என்றால் இந்த வழக்கத்தை மாற்ற வேண்டும். உப்பு ஈரக்காற்றில் தண்ணீரை இழுக்கும், மழைக்காலத்தில் உப்பு ஜாடியே கசிவதைப் பார்த்திருப்போம். சர்க்கரை, வெல்லம், மாங்காய்த்தூள், எலுமிச்சை உப்பு சேர்ந்த மசாலாக்கள் எல்லாம் இதே வேலையைச் செய்யும். ஜாடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் வரும் ஈரத்தை முதலில் பிடித்து உருண்டையின் மேல் ஒட்டவைப்பவை இவைதான்.

ஜாடியில் இருப்பது வெறும் மக்கானாவாக இருக்கட்டும். சாப்பிடும் நேரத்தில் ஒரு கைப்பிடியை, அதாவது 15, 20 கிராமை, சூடான வாணலியில் ஒரு நிமிடம் புரட்டி, கால் தேக்கரண்டி நெய் விட்டு, நைசாகப் பொடித்த உப்பும் பிடித்த தூளும் தூவிக் கிளறினால் போதும். கல்லுப்பு உருண்டையில் ஒட்டாமல் கீழேயே தங்கிவிடும், பொடித்ததுதான் ஒட்டும். மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் போன்றவை அடுப்பை அணைத்த பிறகு விழட்டும், இல்லையென்றால் ஒரே நொடியில் கருகிக் கசக்கும். இரண்டு நிமிட வேலை இது. வீட்டில் ஆளுக்கொரு ருசி என்றாலும் இந்த முறையில் சண்டை வராது. அதற்கும் நேரமில்லை, மசாலா போட்டே வைக்க வேண்டும் என்கிறவர்கள் நாலைந்து நாளுக்கு வேண்டியதை மட்டும் தனியாகக் கலந்து சின்ன டப்பாவில் வைத்துக்கொள்ளலாம்.

ஜாடி

வறுத்ததை எப்போது ஜாடிக்குள் போடுவது என்பதில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. சூட்டோடு போட்டு மூடினால் உருண்டைக்குள் இருந்து வரும் ஆவி மூடியின் அடியில் வியர்த்து நிற்கும். ‘நன்றாக ஆறட்டும்’ என்று இரண்டு மணி நேரம் தட்டில் விட்டால், குறிப்பாக மழை நாளில், கஷ்டப்பட்டு வெளியேற்றிய ஈரம் திரும்ப ஏறிவிடும். மக்கானா எடையில்லாதது, சீக்கிரம் ஆறும். அகலமான தட்டில் பரப்பினால் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். குவியலின் நடுவில் விரலை விட்டுப் பார்த்து வெதுவெதுப்பு தெரியவில்லை என்றால் உடனே அடைத்துவிட வேண்டும்.

கண்ணாடியா, எவர்சில்வரா, பிளாஸ்டிக்கா என்ற கேள்வியில் பலரும் பாத்திரத்தைப் பார்க்கிறார்கள், பார்க்க வேண்டியது மூடியை. கண்ணாடிச் சுவர் வழியாகவோ எவர்சில்வர் வழியாகவோ ஈரம் போகாது. ஆனால் சாதாரண எவர்சில்வர் டப்பாவின் மூடி சும்மா அழுத்தி உட்காருவது, சுற்றிலும் முடி அளவு இடைவெளி இருக்கும். ராத்திரி பகலாக அந்த வழியே ஈரக்காற்று போய்வரும். ரப்பர் அல்லது சிலிக்கோன் வளையம் உள்ள மூடி எந்தப் பாத்திரத்தில் இருந்தாலும் நல்லது. கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவும் அப்படிப்பட்ட மூடியோடு இருந்தால் மோசமில்லை. பழைய மசாலா வாடையைப் பிடித்து வைத்திருப்பதுதான் அதன் குறை. மெல்லிய ஜிப் பையில் வாய்ப்பகுதிதான் பலவீனம், இரண்டு மூன்று நாளுக்கு மேல் நம்ப வேண்டாம். மூடி சரியா என்று பார்க்க ஜாடியில் பாதி தண்ணீர் ஊற்றி மூடி, தலைகீழாகப் பத்து நிமிடம் வையுங்கள். ஒரு சொட்டு கசிந்தாலும் அது மக்கானாவுக்கு ஆகாது. சோதித்த ஜாடியை வெயிலிலோ அடுப்பின் பக்கத்திலோ முழுக்கக் காய வைத்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

‘அடிக்கடி திறப்பதால்தான் நமத்துவிடுகிறது’ என்று சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 30 டிகிரி வெப்பத்தில் நூற்றுக்கு 80 ஈரப்பதம் உள்ள புழுக்கமான நாளில் ஒரு லிட்டர் காற்றில் சுமார் 24 மில்லிகிராம் நீராவி இருக்கும். இரண்டு லிட்டர் ஜாடியில் 100 கிராம் மக்கானா இருக்கிறது என்று வையுங்கள். அதன் ஈரம் மூன்று பங்கிலிருந்து ஆறு பங்காக ஏற வேண்டுமானால் சுமார் 3 கிராம் தண்ணீர் உள்ளே வர வேண்டும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஒரு லிட்டர் புதுக்காற்று புகுந்தாலும் நூறு தடவைக்கு மேல் திறக்க வேண்டியிருக்கும். ஆக நிறைந்த ஜாடியைத் திறந்து அள்ளிவிட்டு உடனே மூடுவதில் பெரிய நஷ்டம் இல்லை. திறந்து வைத்துவிட்டு மறந்துபோவதும், இறுக்கமில்லாத மூடியும்தான் எதிரி.

அதே ஜாடியில் கடைசியாக 20 கிராம் மிச்சமிருக்கும்போது கணக்கு மாறுகிறது. இப்போது 0.6 கிராம் தண்ணீரே அதை நமக்க வைக்கப் போதும். ஜாடியில் இடமெல்லாம் காற்று, ஒவ்வொரு திறப்பிலும் இரண்டு லிட்டர் காற்று மாறுகிறது என்றால் கிட்டத்தட்ட 48 மில்லிகிராம் ஈரம். பன்னிரண்டு பதின்மூன்று திறப்பில் கதை முடிந்தது. ஜாடியின் அடியில் இருப்பது எப்போதும் முதலில் நமப்பது இதனால்தான். ஒரே பெரிய ஜாடிக்குப் பதிலாக ஒரு லிட்டர் ஜாடிகள் இரண்டில் பிரித்து வைத்து, ஒன்று முடிந்த பிறகு அடுத்ததைத் திறப்பது நல்லது. முக்கால்வாசி காலியானதும் மீதியைச் சின்ன டப்பாவுக்கு மாற்றிவிடலாம். ஈரக் கரண்டி, ஈரக் கை இரண்டும் உள்ளே போகக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பெரிய சொட்டுத் தண்ணீர் இரண்டு முறை ஜாடி திறப்பதற்குச் சமம்.

ஜாடிக்குள் அரிசியை முடிந்து போடும் பழக்கம் பற்றியும் சொல்ல வேண்டும். சாதாரண அரிசியில் நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பங்கு தண்ணீர் இருக்கும். மூன்று பங்கு ஈரத்தில் இருக்கும் மக்கானாவுக்குப் பக்கத்தில் அதை வைத்தால், அரிசி ஈரத்தை உறிஞ்சுவதற்குப் பதில் மக்கானாவுக்குக் கொடுக்கத்தான் செய்யும். அரிசியை வாணலியில் நன்றாகச் சூடேற வறுத்து, ஆறவைத்து, துணியில் முடிந்து போட்டால் கொஞ்சம் உதவும். உணவுக்கென்று விற்கும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இதைவிட நன்றாக வேலை செய்யும். அதை உடையாமல் மூடியின் அடியில் ஒட்டிவைத்து, குழந்தைகள் கையில் சிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஃப்ரிட்ஜ் வேண்டாம். குளிர்ந்த ஜாடியை வெளியே எடுத்துத் திறந்ததும் வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த உருண்டைகளின் மேல் நேராகப் படியும்.

இவ்வளவும் சரியாக நடந்தால், வெறுமனே வறுத்த மக்கானா நல்ல மூடியுள்ள ஜாடியில் ஒரு மாதம் சாதாரணமாக மொறுமொறுப்பாக இருக்கும். நெய் பட்டதற்கு ஒரு வாரத்திலிருந்து பத்து நாள். இடையில் நமத்துவிட்டால் தூக்கி எறிய வேண்டாம். சிறுதீயில் மூன்று நான்கு நிமிடம் வறுத்தால் மறுபடி சரியாகிவிடும், ஏனென்றால் ஏறியது தண்ணீர் மட்டும்தான். ஆனால் முகர்ந்தால் பழைய எண்ணெய் வாடையோ பூசண வாடையோ வந்தால், அல்லது அடியில் அந்த நைசான பழுப்புத் தூள் தெரிந்தால், வறுத்துப் பயனில்லை. அந்த ஜாடியைக் காலி செய்து, மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவி, காய வைத்துவிட்டு அடுத்த ஈட்டை அடைக்க வேண்டும். வளையத்தின் இடுக்கில்தான் பழைய தூளும் வாடையும் தங்கியிருக்கும்.